கலியாண வீட்டில் கதை தொடங்குவது எப்படி? வன்னியில் கூச்சப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆரெண்டே தெரியாத ஒராளிட்ட முதல் வசனம் என்னத்தைச் சொல்லுறது? எனக்கு வாயே வராது.

கலியாண வீட்டுக்கென்று ஊரே செய்து வைத்திருக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "நீங்கள் மாப்பிளை பகுதியோ, பொம்பிளை பகுதியோ?" யாரும் யாரிடமும் கேட்கலாம். மறுமொழி எல்லோருக்கும் தெரியும், யோசிக்கத் தேவையில்லை, யாருக்கும் நோகாது. மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் இதைக் கேட்டதற்காக உங்களை ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கப் போவதில்லை.

ஆனால் அந்தக் கேள்வி ஓரடிதான் கொண்டுபோகும். "பொம்பிளை பகுதி" என்று அவர் சொன்னதும் "என்ன முறை?" என்று கேட்டால் கதை சொந்தக் கணக்குக்குள் போய்ப் படுத்துவிடும். அதனால் வாசலால் வரும்போதே கண்ணில் பட்ட ஒரு பொருளை மனதில் எடுத்து வையுங்கள். மணவறையில் தொங்குகிற ஓலைக் கிளி, நாதஸ்வரக்காரர் கடைசியாக வாசித்த பாட்டு, வெளியில் கறுத்துக்கொண்டு வருகிற வானம், எதுவும் ஆகலாம். உங்கள் இரண்டு பேரின் கண்ணுக்கும் தெரிகிற பொருளாக இருந்தால் போதும். புத்திசாலித்தனமாக ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கறிக்கு உப்புக் கூட, பொம்பிளை வரச் சுணங்குது என்று குறையில் தொடங்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எந்தப் பகுதி என்று தெரியுமுன் சொன்ன குறை, சமையலுக்குப் பொறுப்பாக நின்ற சித்தப்பாவின் மகளுடைய காதில் விழுந்திருக்கலாம்.

எந்த நேரம் பாத்துப் போய்க் கதைக்கிறது? நான் போகேக்கை எல்லாம் மேளம் அடிக்கத் தொடங்குது.

தாலி கட்டுக்கு முந்திய அரை மணித்தியாலம் நல்லதுபோலத் தெரியும். ஆனால் அப்போது ஆட்கள் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் சொல்லவேண்டி வரும். கூச்சமுள்ளவருக்கு "என்ன? கேக்கேல்லை" என்ற ஒரு வார்த்தையே காணும், மிச்சத்தை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

அறுகரிசி போட மேடைக்கு ஏறும் வரிசை ஒரு நல்ல இடம். மெதுவாக நகரும், முன்னுக்கும் பின்னுக்கும் நிற்பவரோடு நாலு வார்த்தை பேசுவது இயல்பு, உங்கள் முறை வந்ததும் கதை தானாக முடிந்துவிடும். எப்படி வெளியேறுவது என்ற பயமே இல்லை. அதைவிட நல்ல இடம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிற வழியில் வெற்றிலைத் தட்டு வைத்திருக்கிற மேசையடி. வயிறு நிறைந்திருக்கும், அவசரம் இருக்காது, ஒலிபெருக்கியும் தூரத்தில். கையில் கோப்பையோடு சாப்பாட்டுக்கு நிற்பவரை மட்டும் மறிக்காதீர்கள்.

அவவை என்னெண்டு கூப்பிடுறது? அக்காவோ, தங்கச்சியோ? நீங்களோ, நீரோ?

உங்களைவிட ஏழெட்டு வயது கூடியவர் என்று பார்த்தவுடன் தெரிந்தால் "அக்கா", "அண்ணை" என்று தொடங்குங்கள். அதில் பிழையே வராது. ஒத்த வயதென்றால் ஒரு முறையும் சொல்லாமல் "நீங்கள்" மட்டும் போதும். "வந்தனீங்களோ", "பாத்தனீங்களோ" என்று வினைச்சொல்லிலேயே மரியாதை இருப்பதால் கூப்பிடும் சொல் தேவைப்படாது.

ஒத்த வயதுப் பெண்ணைப் பதற்றத்தில் "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டுப் பிறகு அந்தச் சொல்லிலிருந்து கழன்றுகொள்ள முடியாமல் தவிக்கிற பெடியன்கள் நிறையப் பேர். முறை சொன்னால் அது நிற்கும். "அண்ணா" என்று கூப்பிடப்பட்டவரும் அதைக் கதவில் போட்ட கொக்கியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், நோண்டக் கூடாது.

"நீர்" கொஞ்சம் நெருங்கிய சொல். படித்த இடத்திலோ வேலையிடத்திலோ ஒன்றாக இருப்பவர்களுக்குள் சரி. முதல் சந்திப்பில் சொன்னால் மேலே நின்று பேசுவதுபோல இருக்கும். மற்றவர் உங்களை "நீர்" என்று சொல்லத் தொடங்கினால் மட்டும் பின்னால் போங்கள்.

"எந்த ஊர்?" எண்டு கேக்கிறது பிழையோ? எல்லாரும் அதைத்தானே கேக்கினம்.

பிழை இல்லை. ஆனால் வன்னியில் அது சின்னக் கேள்வி இல்லை. 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து திரும்பிப் போகாமல் இஞ்சையே இருந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். பரம்பரையாகவே வன்னியான் என்று சொல்பவர்களிலும் பலர் 2009இல் முடிந்த போரில் வீடு வாசலை விட்டு ஓடியவர்கள்தான். இவர்களில் ஒருவரிடம் "எந்த ஊர்?" என்றால் பிறந்த ஊரைச் சொல்வதா, வளர்ந்த ஊரைச் சொல்வதா, இப்போது வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த ஊரைச் சொல்வதா என்று ஒரு கணம் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு "இல்லை, சொந்த ஊர்?" என்று அடுத்ததைக் கேட்பவர்கள்தான் கதையைக் கெடுப்பது.

இன்னொன்றும் இருக்கிறது. "ஊர் எது, ஊரில எந்தப் பக்கம், ஆற்ற பிள்ளை" என்று மூன்றாக அடுக்கினால் அது சாதி விசாரிப்பு. நீங்கள் அப்படி நினைக்காமல் கேட்டிருக்கலாம். கேட்கப்படுகிறவர் அதை முன்னரும் நூறு தரம் கேட்டிருப்பார், முகம் இறுகிவிடும்.

கேள்வியை இன்றைக்குத் திருப்பிவிட்டால் இந்த இரண்டும் வராது. "எங்க இருந்து வந்தனீங்கள்? பஸ்ஸிலயோ?" என்று கேளுங்கள். இன்று காலை எங்கிருந்து புறப்பட்டார் என்பதற்குத் தடுமாற்றம் இல்லாத ஒரே மறுமொழிதான் இருக்கிறது. பஸ்ஸைச் சேர்த்துக் கேட்பதால் கதை ஏ9 றோட்டுக்குப் போகும், முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கியதற்குப் போகும், ஆற்ற பிள்ளை என்பதற்குப் போகாது. பழைய ஊரைச் சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார்: "இப்ப தருமபுரத்தில இருக்கிறம், ஆனா நாங்கள் சாவகச்சேரிப் பக்கம்." அவர் திறந்த கதவு அது. அதற்குப் பிறகு நீங்களும் கேட்கலாம்.

இதே காரணத்தால் "அப்பா என்ன செய்யிறார்?", "எத்தினை சகோதரம்?" இரண்டையும் முதல் சந்திப்பில் விட்டுவிடுங்கள். வேறிடங்களில் அவை ஒன்றுமில்லாத கேள்விகள். இஞ்சை அந்த மறுமொழிக்குள் போரில் இழந்த ஒருவர் இருக்கலாம்.

தெரியாமல் அப்பாவைப் பற்றிக் கேட்டிட்டன். முகம் மாறிப் போச்சு. இனி என்ன செய்யிறது?

"தெரியாமல் கேட்டிட்டன்" என்று ஒரு தரம் சொல்லுங்கள். ஒரே ஒரு தரம். மூன்று நாலு தரம் மன்னிப்புக் கேட்டால் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம் சும்மா நில்லுங்கள். அவர் தொடர்ந்து சொன்னால் கேளுங்கள். எப்போது, எங்கே, எப்படி என்று நுணுக்கம் கேட்காதீர்கள், "எங்கட வீட்டிலயும்தான்" என்று போட்டிக்குப் போகாதீர்கள். தொடராவிட்டால் முன்பு பேசிக்கொண்டிருந்த சிறிய விஷயத்துக்கே திரும்புங்கள். அது அவமரியாதை இல்லை, இரண்டு பேருக்கும் நிற்க ஓர் இடம்.

வினைச்சொல்லில் ஒரு கவனம் வேண்டும். "அப்பா இல்லை" என்று சொன்னால் காலமாகிவிட்டார் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளையாக இருக்கலாம். "அவர் என்ன வேலை செய்தவர்?" என்று இறந்தகாலத்தில் கேட்ட ஒரு சொல், அந்த வீடு இத்தனை வருசமாக ஒத்துக்கொள்ளாத ஒன்றை நீங்கள் ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும். அவர் எந்தக் காலத்தில் பேசுகிறாரோ அதே காலத்தில் நீங்களும் பேசுங்கள்.

முதல் கேள்வி கேட்டிடுவன். அவர் பதில் சொன்ன பிறகு அடுத்தது என்ன கேக்கிறதெண்டு தெரியாமல் நிண்டிடுறன்.

அடுத்த கேள்வியை வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். அது அவருடைய மறுமொழிக்குள்ளேயே இருக்கும். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றும், மற்றவர் சொன்னதைப் பிடித்து அடுத்ததைக் கேட்பவரைத்தான் ஆட்களுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று கண்டது. ஒரு கதையை முழுதாக எடுத்துப் பார்ப்போம்.

கிளிநொச்சியில் ஒரு மண்டபம். மணவறைத் தூணில் தென்னங்குருத்தோலையில் மடித்த கிளிகள் தொங்குகின்றன. ஒரு கிளியின் வால் கழன்று தொங்க, உங்கள் வயதுள்ள ஒரு பெண் வந்து அதை ஈர்க்குக் குச்சியால் திருப்பிக் குத்துகிறார். அவர்தான் இதெல்லாம் செய்தவர் என்று தெரிகிறது. பேச வேண்டும்போல இருக்கிறது.

"இந்தக் கிளியெல்லாம் ஓலையிலயோ செய்தது?"

"ஓம், தென்னங்குருத்து."

இந்த இடத்தில்தான் பலர் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். பாராட்டுக்கு மறுமொழி "தாங்ஸ்" மட்டும்தான், கதை அங்கேயே முடிந்துவிடும். குருத்து என்ற சொல்லைப் பிடித்துப் பாருங்கள்.

"குருத்து கெதியா வாடிடுமே. எங்கட வீட்டுப் பந்தலில கட்டினது பின்னேரத்துக்கிடையில சுருண்டு போச்சு."

"வெட்டினவுடன ஈரச் சாக்கில சுத்தி வைக்கோணும். இது இரவு மடிச்சது, விடியத்தான் கொண்டுவந்து கட்டினனாங்கள்."

பாருங்கள், இரண்டாவதாகச் சொன்னது கேள்வியே இல்லை. உங்கள் வீட்டில் நடந்த ஒரு பிசகு. தொழில் தெரிந்தவருக்குப் பிசகைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. அதனால்தான் இந்த முறை ஒரு சொல் இல்லாமல் இரண்டு வசனம் வந்தது.

"விடியவோ? அப்ப எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"மூண்டு மணிக்கு. ஒட்டுசுட்டானில இருந்து வாறம்."

இந்த மறுமொழியில் பிடிக்க இரண்டு சொல் இருக்கிறது. ஒட்டுசுட்டான் என்ற சொல்லைப் பிடித்தால் "அங்க எந்த இடம், இன்னாரைத் தெரியுமோ" என்று பழைய விசாரிப்புக்குள் போய் விழுவீர்கள். மூன்று மணி என்ற சொல்லைப் பிடித்தால்:

"மூண்டு மணிக்கு அந்த றோட்டால வாறதெண்டா, யானை நிக்கேல்லையோ?"

இதற்கு மேல் நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஒட்டுசுட்டான் றோட்டில் இரவில் வந்தவருக்கு யானைக் கதை ஒன்று இல்லாமல் இருக்காது.

இரண்டு கேள்விக்கு ஒரு தரமாவது உங்களைப் பற்றி ஒரு வசனம் போடுங்கள். கேள்வி கேள்வியாகப் போனால் அது சோதனைச் சாவடி. அப்படி ஆகிவிட்டதை மறுமொழியின் நீளத்தில் அறியலாம். முதலில் இரண்டு வசனம், பிறகு ஒன்று, பிறகு "ஓம்".

அவர் திருப்பி "நீங்கள் என்ன செய்யிறீங்கள்?" எண்டு கேட்டா எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. வேலை இல்லை.

"சும்மா இருக்கிறன்" என்பதை மட்டும் விடுங்கள். அந்தச் சொல்லைப் பிடித்து அடுத்தவர் எதையும் கேட்க முடியாது, பாவம் பார்க்கத்தான் முடியும். உண்மையையே கொஞ்சம் விரித்துச் சொல்லலாம்: "வேலை இன்னும் சரிவரேல்லை. இப்ப மாமாவின்ர காணியில உழுந்து போட்டிருக்கிறம், அதைப் பாக்கிறன். மயில்தான் பெரிய பிரச்சினை." இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மற்றவருக்கு மாமா, உழுந்து, மயில் என்று மூன்று பிடி கிடைக்கிறது. பெரும்பாலும் மயிலைத்தான் பிடிப்பார்.

அரச உத்தியோகத்தில் இருப்பவருக்கும் இதே நோய் உண்டு. "கச்சேரியில வேலை" என்று சொல்லிவிட்டு நிற்பார். என்ன பகுதி, இன்று காலை எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார் என்று ஒரு துண்டு சேர்த்தால் போதும்.

வயல், குளம் பற்றிய கதை பழைய ஆட்களின் கதை என்று இளம் ஆட்கள் நினைப்பதுண்டு. இஞ்சை அப்படியில்லை. மார்கழியில் "இரணைமடு வான் பாயுதாமே?" என்பதும், சிறுபோகத்துக்கு முன் "இந்தமுறை எவ்வளவு காணிக்குத் தண்ணி விடுகினமாம்?" என்பதும் வங்கியில் வேலை செய்பவரையும் வாய் திறக்க வைக்கும். அவர் வீட்டிலும் யாரோ ஒருவருக்கு வயல் இருக்கும்.

ஒரு பொம்பிளைப் பிள்ளையோட நிண்டு கதைச்சா ஊரே பாக்கும். அதுக்குப் பயந்தே நான் கிட்டப் போறேல்லை.

பார்ப்பார்கள்தான். பார்க்கமாட்டார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்றுவதில் பிரயோசனம் இல்லை. பார்ப்பதால் கூடுதலாகப் பேச்சு வாங்குவது அந்தப் பெண்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் ஒதுக்குப்புறத்துக்குக் கூப்பிடாதீர்கள், குரலைத் தாழ்த்தாதீர்கள். பக்கத்து மேசைக்குக் கேட்கிற குரலில் ஓலையைப் பற்றிக் கதைப்பவர்களை ஒருவரும் இரண்டாம் தரம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குசுகுசுத்தால்தான் பார்ப்பார்கள்.

நேருக்கு நேர் நிற்காமல் இரண்டு பேரும் மேடையைப் பார்த்தபடி பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்குக் கூடிய இடைவெளியில் நில்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச முடியாத கூச்சக்காரருக்கும் இது வசதி, மேடையைப் பார்ப்பது இயல்பாக இருக்கும். அவரோடு ஒரு அன்ரியோ சின்னப் பிள்ளையோ இருந்தால் அவர்களையும் கதைக்குள் எடுங்கள். அன்ரியை விட்டுவிட்டுப் பேசினால் அன்ரி உங்களை விடமாட்டா. முதல் தரம் ஐந்து நிமிடம் போதும்.

அவருக்குக் கதைக்க விருப்பமில்லை எண்டு எப்பிடித் தெரியும்? எப்பிடி முடிக்கிறது?

திருப்பி ஒரு கேள்வியும் கேட்காமல், இரண்டு தரம் ஒரு சொல்லில் மறுமொழி சொன்னால் காணும். போனை எடுப்பது, தெரிந்தவரைத் தேடிப் பார்வையை ஓட்டுவது, காலடி வேறு பக்கம் திரும்புவது எல்லாம் அதே அர்த்தம்தான். அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு நீங்களே முடியுங்கள்: "சரி, அம்மா தேடுவா, போட்டு வாறன்." கலியாண வீட்டில் "போறன்" என்று சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டில் அதற்கு நேர்மாறு, சொல்லாமலே எழும்பிப் போக வேண்டும். அங்கே பழக்கதோசத்தில் "வாறன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கதை நன்றாகப் போனாலும் நீங்கள்தான் முந்தி முடிக்க வேண்டும். யானைக் கதை முடிந்து இரண்டு பேரும் சிரித்த இடம் முடிக்க நல்ல இடம். அதற்குப் பிறகும் நின்றால் அடுத்ததாக வருவது மௌனம்.

வெளிநாட்டில இருந்து வந்த ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறது?

"எப்ப வந்தனீங்கள், எப்ப திரும்பப் போறீங்கள்" இரண்டையும் அன்று அவரிடம் முப்பது பேர் கேட்டிருப்பார்கள். "இஞ்ச வந்து முதல் முதல் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேளுங்கள். தமிழ் தட்டுத்தடுமாறி வந்தால் சொல்லை எடுத்துக் கொடுக்காமல் பொறுத்திருங்கள். சம்பளம், விசா இரண்டும் வேண்டாம்.

போன் நம்பர் கேக்கலாமோ?

முதல் நாளே நேராகக் கேட்க வேண்டாம். இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு வழி விட்டுக் கேளுங்கள். ஓலைக் கிளிக்காரியிடம் "தங்கச்சியின்ர சாமத்தியவீடு வருது, இப்பிடி ஓலை வேலைக்கு ஆரோட கதைக்கோணும்?" என்று கேட்கலாம், உண்மையிலேயே வீட்டில் அப்படி ஒரு கொண்டாட்டம் இருந்தால் மட்டும். அவர் தன் நம்பரைத் தரலாம், அண்ணாவின் நம்பரைத் தரலாம். அண்ணாவின் நம்பர் வந்தால் அதுதான் மறுமொழி, அண்ணாவுக்கு எடுத்து ஓலையைப் பற்றி மட்டும் கதையுங்கள். வீட்டுக்காரரிடமிருந்தோ வட்ஸ்அப் குறூப்பிலிருந்தோ அவருக்குத் தெரியாமல் நம்பர் எடுத்து "ஹாய்" போடுவது, மண்டபத்தில் நீங்கள் பேசிய ஐந்து நிமிடத்தையும் அழித்துவிடும்.

வீட்டை வந்து படுத்தால் "விசர்க்கதை கதைச்சிட்டன்" எண்டு நித்திரையே வராது.

முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டுப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. பேசி முடிந்ததும், மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்று ஆட்கள் போட்ட கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. கூச்சம் கூடினவர்களிடம் அந்த வித்தியாசமும் கூடவாக இருந்தது. அதனால் அன்றிரவு நீங்கள் போடுகிற புள்ளியை நம்பாதீர்கள். அடுத்த முறை அவரைக் காணும்போது அவர் எதைப் பற்றித் தொடங்குகிறார் என்று பாருங்கள். "உங்கட பந்தல் குருத்துக்கு என்ன நடந்தது?" என்று அவரே கேட்டால், நீங்கள் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது.